கணினிக்கூடக் கீபோர்டுக்குப் பணம் கேட்டு முதல்வருக்கு எழுதிய மின்னஞ்சல்: என் அனுபவம்

சிங்கப்பூரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் கம்ப்யூட்டிங் பாடம் நடத்துகிறேன். எங்கள் கணினிக்கூடத்தில் பழுதான கீபோர்டுகளையும் மவுஸ்களையும் மாற்றப் பணம் கேட்டு முதல்வருக்கு மின்னஞ்சல் எழுதினேன். கடைசியில் செலவானது 451 வெள்ளி 26 காசு, அவ்வளவுதான். ஆனால் அது கிடைப்பதற்குள் மூன்றாம் தவணையின் பெரும்பகுதி ஓடிவிட்டது. அந்த வாரங்களில் நான் பட்ட எரிச்சலுக்கு அளவே இல்லை. யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் முதல் மின்னஞ்சலிலேயே வேலை முடிந்திருக்கும். அதனால்தான் இதை விவரமாக எழுதுகிறேன்.

கூடத்தில் 40 கணினிகள். ஒரு நாளில் பல வகுப்புகள் அங்கே வந்து போகும். கீபோர்டும் மவுஸும் ஒரே நாளில் சாவதில்லை, ஒவ்வொன்றாக நோய்வாய்ப்படும். உயர்நிலை நான்கு மாணவி ஒருத்தி பைத்தான் பயிற்சியின்போது பழைய நிரல் ஒன்றைத் திறந்துவைத்து, அதிலிருந்த முக்காற்புள்ளியை நகலெடுத்து ஒட்டிக்கொண்டிருந்தாள். என்னவென்று கேட்டால், அந்த விசை வேலை செய்யவில்லை என்றாள். `if`, `for`, `def` என்று எதை எழுதினாலும் வரியின் முடிவில் முக்காற்புள்ளி வேண்டும். அவள் புகார் சொல்லவே இல்லை, வகுப்பு முழுக்க அப்படியே சமாளித்திருக்கிறாள். எனக்கு மனம் கனத்துப் போனது. இன்னொரு பக்கம் விரிதாள் பயிற்சியில் ஒரு பையனின் மவுஸ் ஒருமுறை அழுத்தினால் இருமுறை அழுத்தியதாக எடுத்துக்கொண்டது. கட்டத்தின் வலது கீழ் மூலையில் இருக்கும் சிறு சதுரத்தை இரட்டைச் சொடுக்கு சொடுக்கினால் எக்செல் அந்தச் சூத்திரத்தைப் பட்டியலின் கடைசிவரை நிரப்பிவிடும். அவன் இழுக்கப் பிடித்த நொடியிலேயே பட்டியல் முழுக்க நிரம்பி, கீழே இருந்த விடைகள் அழிந்துவிட்டன. தன் கைதான் நடுங்குகிறது என்று அவன் நினைத்திருந்தான்.

அன்று மாலையே முதல்வருக்கு எழுதினேன். கூடத்தில் பல கீபோர்டுகளும் மவுஸ்களும் பழுதாகிவிட்டன, மாணவர்கள் சிரமப்படுகிறார்கள், விரைவில் மாற்ற நிதி ஒதுக்கவேண்டும் என்று நாலு வரி. மறுநாளே பதில் வந்தது: தகவலுக்கு நன்றி, துறைத் தலைவருடனும் நிர்வாக மேலாளருடனும் பேசிக்கொள்ளுங்கள். கூடவே ஒரு கேள்வி: மாணவர்கள் எல்லாரிடமும்தான் சொந்தக் கற்றல் சாதனம் இருக்கிறதே, கூடத்துக்கு இது அவசியமா? அத்தோடு பேச்சு நின்றுவிட்டது. நிர்வாக மேலாளர் எத்தனை என்று கேட்டார். சொன்னேன். எந்த ஆண்டு வாங்கியவை என்று கேட்டார். தேடிச் சொன்னேன். உத்தரவாதம் இருக்கிறதா, விலைப்புள்ளி எங்கே, எந்தக் கணக்கில் எழுதுவது என்று ஒவ்வொரு கேள்வியும் தனித்தனி மின்னஞ்சலாக வந்தது. ஒவ்வொன்றுக்கும் இடையில் நாட்கள் கழிந்தன. யாரும் மறுக்கவில்லை, யாரும் சரி என்றும் சொல்லவில்லை. பிரிலிம் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்த இடைவெளியில் சிம் லிம் ஸ்கொயருக்குப் போய் என் கைக்காசில் சில மவுஸ்கள் வாங்கிப் போட்டேன். ஏறத்தாழ 90 வெள்ளி. முன் அனுமதி இல்லாமல் வாங்கியதற்குப் பணத்தைத் திருப்பித் தர வழியில்லை என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். பணம் போனதைவிட வேறொன்று என்னை உறுத்தியது. நான் மாற்றிவைத்த இடங்களில் புகார் நின்றது. புகார் நின்றதால், இப்போது அவ்வளவு மோசமில்லை போலிருக்கிறதே என்ற எண்ணம் மேலே போய்ச் சேர்ந்தது. வகுப்பு நடக்கவேண்டுமே என்ற அவசரம் எந்த ஆசிரியருக்கும் வரும். அப்படி வாங்க நேர்ந்தால் பழுதானவற்றைத் தூக்கிப் போடாமல் எண் ஒட்டி வைத்திருங்கள், உங்கள் கணக்கில் அவையும் வரவேண்டும்.

அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன். முதல்வர் கையெழுத்துப் போடவேண்டுமென்றால், அடுத்து எழப்போகும் எல்லாக் கேள்விகளுக்கும் விடை ஒரே கடிதத்தில் இருக்கவேண்டும். அதற்கு முதலில் எனக்கே விடை தெரியவேண்டும். துறைத் தலைவரிடம் சொல்லிவிட்டு, வகுப்பில்லாத மதிய நேரங்களில் 40 இடங்களையும் ஒவ்வொன்றாகச் சோதிக்கத் தொடங்கினேன்.

கீபோர்டைச் சோதிக்க எந்த மென்பொருளும் நிறுவவேண்டாம். விண்டோஸில் ரன் பெட்டியைத் திறந்து `osk` என்று தட்டினால் திரையில் ஒரு கீபோர்டு வரும். நிஜக் கீபோர்டில் நீங்கள் அழுத்தும் விசை அதில் ஒளிரும். வரிசையாக எல்லா விசைகளையும் அழுத்திப் போனால், ஒளிராத விசையும் அழுத்தாமலே ஒளிரும் விசையும் தெரிந்துவிடும். இதில் கவனிக்கவேண்டியது, பழுது தனி விசையா, கூட்டமா என்பதுதான். சாதாரணக் கீபோர்டில் ஒவ்வொரு விசைக்கும் தனிக் கம்பி கிடையாது. உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் தாளில் மின்கடத்தும் தடங்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும், பல விசைகள் ஒரே தடத்தைப் பகிர்ந்துகொள்ளும். தண்ணீரோ மைலோவோ சிந்தி ஒரு தடம் அரித்துவிட்டால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல விசைகள் ஒன்றாகச் சாகும். அதைத் துடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். ஒரே ஒரு விசை மட்டும் அடம்பிடித்தால் அடியில் குப்பை சிக்கியிருக்கலாம். மேல்மூடியைக் கழற்றிச் சுத்தம் செய்து பாருங்கள். எனக்குச் சில கீபோர்டுகள் அப்படியே பிழைத்தன.

பழுது போலத் தெரிந்து பழுதே இல்லாதவையும் இருந்தன. வலது ஷிஃப்ட் விசையை எட்டு நொடி அழுத்திக்கொண்டே இருந்தால் விண்டோஸில் ஃபில்டர் கீஸ் என்ற வசதியை இயக்கவா என்று கேட்கும். மாணவர் படிக்காமல் சரி கொடுத்துவிட்டால், அதற்குப் பிறகு விசையைச் சட்டென்று தட்டினால் எழுத்தே விழாது. கீபோர்டு செத்துவிட்டது என்றுதான் எவரும் நினைப்பார்கள். வேறொரு கணக்கில் நுழைந்து பார்த்து ஒழுங்காக வேலை செய்தால் குற்றம் கீபோர்டின் மேல் இல்லை. இன்னொரு கணினியில் மொழி அமைப்பு பிரிட்டிஷ் தளவமைப்புக்கு மாறியிருந்தது. அதில் ஷிஃப்டோடு 3 தட்டினால் `#` வராமல் `£` வரும். நிரலில் `#` போட்டுக் குறிப்பு எழுதப்போன மாணவருக்கு `SyntaxError` வந்துகொண்டே இருந்தது. இவை இரண்டுமே அமைப்புகளில் போய் ஒரு நிமிடத்தில் சரிசெய்யக்கூடியவை. இவற்றை வடிகட்டாமல் பணம் கேட்டால், புதிய கீபோர்டு போட்ட பிறகும் அதே புகார் வரும். அடுத்த முறை உங்கள் சொல்லுக்கு மதிப்பிருக்காது.

மவுஸுக்கு முதல் சோதனை இடம் மாற்றுவது. சந்தேகப்படும் மவுஸை நன்றாக இருக்கும் கணினியில் செருகுங்கள். பழுது அதோடு சேர்ந்தே போனால் மவுஸ்தான் காரணம். பழைய இடத்திலேயே தங்கிவிட்டால் யுஎஸ்பி துளையைப் பாருங்கள். எங்கள் கூடத்தில் முன்பக்கத் துளைகள் தளர்ந்துபோன கணினிகள் இருந்தன. பின்பக்கத்தில் செருகியதும் சரியாகிவிட்டது. இரட்டைச் சொடுக்குப் பழுது மட்டும் வந்துவந்து போகும், கண்ணால் நிரூபிக்க முடியாது. இடது பொத்தானுக்கு அடியில் இருக்கும் சிறு சுவிட்சின் உலோகத் தகடு தேய்ந்துபோய், ஒருமுறை அழுத்தும்போது இருமுறை தொட்டுவிடுகிறது. அதைப் பிடிக்க ஒரு சின்ன நிரல் எழுதினேன். பைத்தான் இருக்கும் விண்டோஸ் கணினியில் அப்படியே ஓடும்.

```python
import time
import tkinter as tk

last = 0

def click(event):
    global last
    now = time.perf_counter()
    gap = (now - last) * 1000
    if gap < 80:
        print("FAULT", round(gap), "ms")
    last = now

root = tk.Tk()
root.geometry("400x300")
root.bind("<Button-1>", click)
root.mainloop()
```

திறக்கும் சன்னலுக்குள் நிதானமாக, ஒரு நொடிக்கு ஒருமுறை என்ற வேகத்தில் இடது பொத்தானை அழுத்திக்கொண்டே இருங்கள். நல்ல மவுஸ் என்றால் எதுவும் அச்சாகாது. `FAULT` என்று வந்தால், நீங்கள் ஒருமுறை அழுத்தியதற்குள் 80 மில்லிநொடிக்கும் குறைவான இடைவெளியில் இரண்டாவது சொடுக்கு பதிவாகியிருக்கிறது என்று பொருள். விரல் அவ்வளவு நிதானமாக அழுத்தும்போது இது தானாக நேராது. பழுதான ஒரு மவுஸை வைத்து இதைத் துறைத் தலைவருக்குக் காட்டினேன். முப்பது சொடுக்குக்குள் வரிசையாக `FAULT` விழுந்ததும் அவர் முகமே மாறிவிட்டது. அதுவரை நான் மிகைப்படுத்துகிறேன் என்று அவர் நினைத்திருக்கவேண்டும்.

சோதனை முடிந்தபோது உண்மையில் மாற்றவேண்டியவை 13 கீபோர்டுகளும் 14 மவுஸ்களும் என்று தெரிந்தது. வகுப்பில் காதில் விழுந்த புகார்களை மட்டும் எண்ணியிருந்தால் இது வேறு மாதிரி இருந்திருக்கும். அடுத்து, கணினிகளில் ஒட்டியிருந்த சொத்து எண்களை டெஸ்க்டாப் இன்ஜினியரிடம் கொடுத்தேன். அவர் பார்த்ததில் ஒரு வரிசை பிற்பாடு வாங்கியது, இன்னும் உத்தரவாதத்தில் இருந்தது. கணினியோடு வந்த கீபோர்டும் அதில் அடக்கம். 13-ல் 4 கீபோர்டுகள் காசில்லாமல் மாறிவிட்டன. திரவம் சிந்தியதற்கு உத்தரவாதம் பொருந்தாது என்பதால், சிந்திய கறை இல்லாதவற்றை மட்டும் அனுப்பினோம். மிச்சம் 9.

இந்த நேரத்தில் எதிர்பாராத துணை ஒன்று கிடைத்தது. எங்கள் பள்ளித் தமிழாசிரியை ஒருவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஆசிரியர் அறையில் புலம்பிக்கொண்டிருந்தபோது, "தம்பி, என் வகுப்பும் அங்கேதானே தட்டச்சு செய்கிறது, எங்களுக்கும் அதே தொல்லைதான். போன வாரம் ஒரு பையனுக்குப் புள்ளியே விழவில்லை" என்றார். அவர் பிள்ளைகளுக்குத் தமிழ் 99 முறையைப் பழக்குகிறார். அதில் புள்ளி எஃப் விசையில் இருக்கிறது. அந்த விசை செத்தால் சொல்லின் கடைசியில் ஒரு மெய்யெழுத்துக்கூடப் போட முடியாது. என் மாணவி முக்காற்புள்ளிக்குத் தவித்த அதே விசையில்தான் தமிழ் 99-ல் ந இருக்கிறது. ஒரே விசை, இரண்டு பாடங்கள். இதைக் கேட்டதும் எனக்கு நம்பிக்கை பிறந்தது. கம்ப்யூட்டிங் எடுக்கும் மாணவர்கள் குறைவு, அவர்களுக்காக மட்டும் கேட்டால் ஒரு துறையின் வேண்டுகோள். தமிழ்த் துறையும் சேர்ந்து கேட்டால் அது பள்ளியின் தேவை. உங்கள் கூடத்தை வேறு யாரெல்லாம் பயன்படுத்துகிறார்கள் என்று முன்பதிவு ஏட்டைப் பாருங்கள், அவர்களையும் கேளுங்கள்.

விலைப்புள்ளி வாங்குவதில் ஒரு நுணுக்கம் உண்டு. கீபோர்டு, மவுஸ் என்று மட்டும் கேட்டால் ஒவ்வொரு கடையும் ஒவ்வொரு பொருளுக்கு விலை சொல்லும், ஒப்பிடவே முடியாது. நான் ஒரே விவரத்தை மூன்று விற்பனையாளர்களுக்கு அனுப்பினேன்: கம்பியுள்ளது, யுஎஸ்பி, எண் பகுதியோடு முழு அளவு, அமெரிக்கத் தளவமைப்பு, கம்பி நீளம் குறைந்தது ஒன்றரை மீட்டர், ஓராண்டு உத்தரவாதம், பள்ளிக்கே கொண்டுவந்து தரவேண்டும். கம்பி நீளத்தை எழுதியது நல்லதாய்ப் போயிற்று. ஆகக் குறைந்த விலை சொன்ன மவுஸின் கம்பி மடிக்கணினிக்கானது, எங்கள் மேசைக்கு அடியில் இருக்கும் பெட்டிவரை எட்டாது. கம்பியில்லாதவை வேண்டாம் என்பதும் என் தீர்மானம். 40 மவுஸுக்கு மின்கலன் மாற்றுவதும், விரல் நுனி அளவு ரிசீவர்கள் காணாமல் போவதும், தேர்வு நடுவே யாருடையது எந்தக் கணினியோடு இணைந்திருக்கிறது என்று தேடுவதும் நமக்குத் தேவையில்லாத வேலை.

கீபோர்டும் மவுஸும் சேர்ந்த ஜோடியை 26 வெள்ளிக்குத் தருவதாக ஒருவர் சொன்னார். தனித்தனியாக வாங்கினால் 18-ம் 11-மாக 29 வெள்ளி. ஜோடிதான் மலிவு என்று நிர்வாக மேலாளரும் சொன்னார். ஆனால் மவுஸ்தான் முதலில் தேய்கிறது, கீபோர்டு அதிக காலம் உழைக்கிறது. உதிரியோடு எனக்கு வேண்டியது 12 கீபோர்டு, 18 மவுஸ். எல்லாவற்றையும் ஜோடியாகவே வாங்கினால் 18 ஜோடி வாங்கவேண்டும், வரியோடு 510 வெள்ளி 12 காசு, ஆறு கீபோர்டுகள் அலமாரியில் சும்மா கிடக்கும். தனித்தனியாக வாங்கினால் 216-ம் 198-ம் சேர்த்து 414, 9 விழுக்காடு ஜிஎஸ்டி 37 வெள்ளி 26 காசு, மொத்தம் 451 வெள்ளி 26 காசு. இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டியதும் அவர் மறுபேச்சுப் பேசவில்லை. சில விலைப்புள்ளிகளில் ஜிஎஸ்டி சேர்க்காமல் எழுதியிருப்பார்கள். கடைசியில் கட்டவேண்டிய தொகையைக் கேட்டால்தான் அனுமதியை மறுபடி திருத்தும் நிலை வராது.

இரண்டாவது மின்னஞ்சலைத் துறைத் தலைவர் ஒருமுறை படித்துப் பார்த்தபின் அவரையும் நிர்வாக மேலாளரையும் நகலில் சேர்த்து அனுப்பினேன். ஆங்கிலத்தில் எழுதியதன் சாரத்தைத் தமிழில் தருகிறேன். தலைப்பு வரியிலேயே என்ன வேண்டும், எவ்வளவு, எப்போதுக்குள் என்று மூன்றும் இருந்தன: "அனுமதி வேண்டி: கணினிக்கூடக் கீபோர்டு, மவுஸ் மாற்றம், 451.26 வெள்ளி, ஜூலை 25-க்குள்".

"மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு, கணினிக்கூடத்தில் 12 கீபோர்டும் 18 மவுஸும் வாங்க, ஜிஎஸ்டி உட்பட 451.26 வெள்ளிக்கு உங்கள் அனுமதியைக் கேட்டு எழுதுகிறேன். 40 கணினிகளையும் சோதித்ததில் 13 கீபோர்டுகளும் 14 மவுஸ்களும் பழுதென்று உறுதியானது. அமைப்பினாலும் யுஎஸ்பி துளையாலும் வந்த கோளாறுகளைச் சரிசெய்துவிட்டோம், அவை இந்தக் கணக்கில் இல்லை. 4 கீபோர்டுகள் உத்தரவாதத்தில் மாற்றப்பட்டன. மீதி 9 கீபோர்டுக்கும் 14 மவுஸுக்கும், உதிரியாக 3 கீபோர்டுக்கும் 4 மவுஸுக்கும் சேர்த்தே கேட்கிறேன். கம்ப்யூட்டிங் செய்முறைத் தேர்வை மாணவர்கள் கூடத்துக் கணினியில்தான் எழுதவேண்டும். அவர்களுடைய சொந்தச் சாதனம் அந்த இடத்தை நிரப்பாது. தமிழ்த் துறையும் இதே கூடத்தில் தட்டச்சுப் பயிற்சி நடத்துகிறது. 40 கீபோர்டையும் 40 மவுஸையும் இதே விலையில் மாற்றினால் 1,264.40 வெள்ளி ஆகும், அது இப்போது தேவையில்லை. எதுவும் செய்யாவிட்டால் பிரிலிமில் ஒரு வகுப்பை இரண்டு அமர்வாகப் பிரிக்கவேண்டிவரும், அதற்குக் கூடுதல் கண்காணிப்பாளர்கள் தேவை. ஜூலை 25-க்குள் அனுமதி கிடைத்தால் தேசிய தின விடுமுறைக்கு முன் பொருள் வந்துசேரும் என்று விற்பனையாளர் உறுதி கூறியிருக்கிறார். இட வாரியான பட்டியலும் மூன்று விலைப்புள்ளிகளும் இணைப்பில் உள்ளன."

இதில் நான் அதிகம் யோசித்து எழுதியது, எதுவும் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்ற வரியைத்தான். மாணவர்கள் சிரமப்படுவார்கள் என்று எழுதினால் முதல்வர் வருத்தப்படலாம், ஆனால் முடிவெடுக்க அது போதாது. தேர்வு இரண்டு அமர்வாகும், கூடுதல் ஆட்கள் வேண்டும் என்பது அவர் மேசைக்கு வரப்போகும் பிரச்சினை. அதுபோல அவரே முன்பு கேட்ட சொந்தச் சாதனம் பற்றிய கேள்விக்கும் அங்கேயே பதில் சொன்னேன். எழுதாத கேள்விக்கு அவர் திரும்ப எழுதவேண்டியிருக்கும், அதிலேயே ஒரு வாரம் போகும்.

பதில் அடுத்த நாள் காலையில் வந்தது: அனுமதிக்கிறேன், நிர்வாக மேலாளர் மேற்கொண்டு பார்க்கட்டும். இரண்டே வாக்கியங்கள். அதைப் படித்துவிட்டு ஆசிரியர் அறையில் கொஞ்ச நேரம் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தேன். இதற்காகவா இத்தனை வாரம் என்ற கோபமும், அப்பாடா என்ற நிம்மதியும் சேர்ந்தே வந்தன. சிறிய தொகை என்பதால் அரசாங்கக் கொள்முதலுக்கான ஜீபிஸ் தளத்தில் பொது அழைப்பு விடுக்கவேண்டிய அவசியம் வரவில்லை. இந்த வரம்புகள் மாறக்கூடியவை, உங்கள் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பொருள் வந்த அன்றே ஒவ்வொன்றின் அடியிலும் மாதமும் ஆண்டும் நிரந்தர மையில் எழுதினேன். பழுதானவற்றை உடனே கூடத்திலிருந்து அப்புறப்படுத்தி, பட்டியலோடு அலுவலகத்தில் ஒப்படைத்தேன். அலமாரியில் வைத்தால் அவசரத்தில் யாராவது எடுத்து மறுபடி செருகிவிடுவார்கள், இது எங்கள் கூடத்தில் முன்பே நடந்திருக்கிறது. சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். எந்த இடம், என்ன பழுது, என்ன தேதி என்று மாணவர்களே எழுதுகிறார்கள். அந்த முக்காற்புள்ளி மாணவியிடம்தான் அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் கொடுத்தேன்.

நம் அரசாங்க நிதியாண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி தொடங்குகிறது, பள்ளி ஆண்டோ ஜனவரியில். நான் கேட்டது ஜூலையில், துறையின் பணம் ஏற்கனவே பங்கிடப்பட்டுவிட்ட நேரம். அடுத்த ஆண்டுக்கான பட்டியலைத் துறைத் தலைவர் கேட்டபோது சுவர்த்தாளில் இருந்த தேதிகளை எண்ணிப் பார்த்து, கீபோர்டு 6, மவுஸ் 12 என்று ஒரு வரி சேர்த்தேன். அதற்கு முதல்வருக்குத் தனி மின்னஞ்சல் தேவைப்படவில்லை.